அவனும் சேர்ந்துதானே சிரித்தான்?

வணக்கம் அக்கா,

எங்கள் கல்லூரி நண்பர்கள் கூட்டத்தில் ஒருவனை முதல் வருடத்திலிருந்தே 'கருப்பா' என்றுதான் கூப்பிடுவோம். 22 வருடம் ஆகிவிட்டது. அவனும் சிரிப்பான். போன் செய்தால் 'கருப்பன் பேசறேன்' என்று அவனே சொல்லுவான். போன மாதம் எல்லோரும் குடும்பத்தோடு சந்தித்தோம். அவன் மகளுக்கு எட்டு வயது. 'அடடே, குட்டிக் கருப்பியா!' என்று அவளைக் கொஞ்சினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். என் போனையும் எடுப்பதில்லை. அன்பாகக் கூப்பிட்ட பெயர் எப்படி அவமானம் ஆகும்? இத்தனை நாள் சிரித்தவனுக்கு இன்று மட்டும் ஏன் வலிக்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் அன்பை நான் சந்தேகப்படவில்லை. அன்பு இல்லாதவர் இப்படி உட்கார்ந்து எழுத மாட்டார். ஆனால் நீங்கள் உங்கள் நண்பரின் சிரிப்பைச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. வீடு நிறைய உறவினர்கள். அதில் ஒருவர், "இவ எங்க இருக்கான்னே தெரியலையே! ஏ பொண்ணு, கொஞ்சம் சிரி, பல்லை வச்சுக் கண்டுபிடிக்கிறோம்" என்றார். இருட்டுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுதிருந்தால், விளையாட்டுக்குச் சொன்னதற்குப் போய் அழுகிறாள் என்று அது இன்னொரு கதையாகியிருக்கும். கோபப்பட்டிருந்தால், நிறத்தோடு என் குணமும் பேச்சாகியிருக்கும். பேசாமல் இருந்திருந்தால், அவர் சொன்னபடியே நான் அங்கே இல்லாமல் போயிருப்பேன். சிரித்தால்தான் அந்தப் பேச்சு அத்தோடு முடியும் என்பது பத்து வயதிலேயே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப வருடம் எந்தப் போட்டோவிலும் நான் பல் தெரியச் சிரிக்கவில்லை. அந்த உறவினருக்கு இன்றும் என்மேல் பாசம் உண்டு. அந்த ராத்திரி அவர் நினைவில் துளியும் இருக்காது.

இது அவருடைய கெட்ட மனதால் வந்தது இல்லை. ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆளிடம் இரண்டு சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். ஒன்று, நீ யாரையாவது கோபப்படுத்தியது. இன்னொன்று, உன்னை யாராவது கோபப்படுத்தியது. தாங்கள் செய்ததை எழுதும்போது அது ஒரு தடவை நடந்தது, அதற்குக் காரணம் இருந்தது, அத்தோடு முடிந்தது என்கிற மாதிரி எழுதினார்கள். தங்களுக்கு நடந்ததை எழுதும்போது அதே ஆட்கள் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துக் கோத்தார்கள். இன்னும் அது முடியவில்லை என்றும் எழுதினார்கள். ஆள் ஒருவர்தான், நிற்கும் பக்கம்தான் வேறு. நீங்கள் 'கருப்பா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் உங்கள் கணக்கில் அது ஒரு தடவை. அவர் கணக்கில் அது கல்லூரிக்கு முன்பே ஆரம்பித்தது. உங்களைப் பார்ப்பதற்கு முன்பே, உங்களை மாதிரி அன்பு இல்லாத யார் யாரோ அதே சொல்லால் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சரி, அவரே 'கருப்பன் பேசறேன்' என்பாரே? எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள் என்று தெரிந்தவர் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். சொன்னவர் தானாக இருந்தால் வலி கொஞ்சம் குறையும். நானும் செய்திருக்கிறேன். குழுப் படம் எடுக்கும்போது, "என்னை நடுவுல நிறுத்தினா படமே இருட்டாயிடும்" என்று நானே சொல்லிவிட்டு ஓரத்துக்குப் போய்விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைத் தன்னம்பிக்கை உள்ள பெண் என்று நினைத்தார்கள். உங்கள் நண்பர் அந்தப் பெயரை உண்மையாகவே ஏற்றுக்கொண்டாரா என்று பார்க்க வேண்டுமானால், உங்கள் கூட்டத்துக்கு வெளியே அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அலுவலகத்தில், மனைவி வீட்டில், புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் 'கருப்பன்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வாரா? அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அவர்களே எடுத்துக்கொண்ட பெயர். உங்கள் நண்பர் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறார் என்றால், உங்களுக்காகத்தான் சொல்கிறார்.

கிரிக்கெட் வீரர் டேரன் சமி விஷயம் நினைவிருக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளின் தலைவராக இருபது ஓவர் உலகக் கோப்பையை 2012-லும் 2016-லும் வென்றவர். இடையில் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடினார். அங்கே அவரைக் 'காலு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியில் அது நம் 'கருப்பா'தான். ஏதோ பலசாலி என்பது போன்ற பொருள் என்று நினைத்துக்கொண்டு அவரும் அதை ஏற்றுக்கொண்டார். 2020 ஜூனில், ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்தது. கோபத்தோடு வெளிப்படையாகப் பேசினார். அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், சகவீரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஏதோ வேடிக்கையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அப்புறம் சகவீரர் ஒருவர் அவரோடு பேசினார், அன்பில்தான் அப்படிக் கூப்பிட்டோம் என்றார். சமி அதை நம்பி ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்புதான் காரணம் என்று தெரிந்ததால் முன்பு பேசியது தவறு என்று அவர் சொல்லவில்லை.

அவர் ஹைதராபாத்துக்கு ஆடியதற்கும் 2020-க்கும் இடையில் சொல்லும் மாறவில்லை, கூப்பிட்டவர்கள் மனமும் மாறவில்லை. கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது சமிக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். உடனே பழைய சிரிப்புகள் எல்லாம் வேறு சிரிப்புகளாகிவிட்டன. சமிக்காவது சில வருடம் தெரியாமல் இருந்தது. தமிழ் தெரிந்த உங்கள் நண்பருக்கு முதல் நாளே தெரியும்.

நீங்கள் கேட்கலாம், நெட்டை, குண்டு என்றுகூடத்தான் கூப்பிடுகிறோம் என்று. அவற்றையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிறத்தைப் பற்றி நாம் பேசும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நல்ல கலரா இருக்கா' என்றால் வெளுப்பு என்று பொருள். கருப்பைச் சொல்ல 'கலர் கம்மி'. கருப்பு ஒரு நிறமே இல்லை, இருக்க வேண்டிய அளவுக்கு இல்லாத ஒன்று. 'என்ன இப்படிக் கருத்துப்போயிட்ட?' என்று கேட்கும் குரல், 'இளைச்சுப்போயிட்டியே, உடம்பு சரியில்லையா?' என்று கேட்கும் அதே குரல். 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். 'சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த 'இருந்தாலும்' தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. சொல்பவர் காதில் 'களை'தான் விழுகிறது. கேட்பவளுக்கு 'இருந்தாலும்' மட்டும்தான் கேட்கிறது. உங்கள் 'கருப்பா'வும் இந்தச் சொற்களோடு சேர்ந்துதான் அவர் காதுக்குப் போகிறது. உங்கள் மனதில் இருக்கும் அன்பைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் உங்கள் கூட்டத்தில் யாராவது அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். அப்போது வாயில் என்ன வந்தது? 'போடா கருப்பா' என்று வந்திருந்தால், திட்டுவதற்கென்று வேறு சொல்லே தேவைப்படவில்லை. குரலை உயர்த்தினால் போதுமாக இருந்தது. கொஞ்சவும் திட்டவும் ஒரே சொல் என்றால், இன்று இது எது என்று ஒவ்வொரு தடவையும் குரலை வைத்துக் கணக்குப் போட வேண்டியவர் அவர்தான்.

இனி அந்தக் குழந்தை. 22 வருடம் அவர் தன்னோடு நிறுத்தி வைத்திருந்ததை நீங்கள் அன்றைக்கு அவர் கண் முன்னாலேயே மகளிடம் கொடுத்துவிட்டீர்கள். 'குட்டிக் கருப்பி' என்பது அவளுடைய பெயரின் தொடக்கமாக அவருக்குக் கேட்டிருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதி, 1940களில் மூன்றிலிருந்து ஏழு வயதுக் கருப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் கருப்பு பொம்மையையும் காட்டிக் கேள்வி கேட்டார்கள். நல்ல பொம்மை எது என்றதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். கடைசியில், உன்னை மாதிரி இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடியிருக்கிறார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளார்க்கின் ஆய்வைக் குறிப்பிட்டது. அந்தக் குழந்தைகளைவிட உங்கள் நண்பரின் மகள் பெரியவள்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். போனை எடுக்கவில்லை என்றால் அவருக்கு மட்டும் எழுதுங்கள். குழுவில் எழுதாதீர்கள், அங்கே எழுதினால் அவர் மறுபடி எல்லோர் முன்னாலும் சிரித்தாக வேண்டும். 'உனக்கு வலிச்சிருந்தா மன்னிச்சிடு' என்று எழுத வேண்டாம், வலித்தது என்று அவர் குழுவை விட்டுப் போய்ச் சொல்லிவிட்டார். 'அன்பாத்தான் சொன்னேன்' என்பதும் வேண்டாம். அதை எழுதினால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். 'உன் மகளை நான் அப்படிக் கூப்பிட்டது தப்பு. உன்னை இத்தனை வருஷம் கூப்பிட்டதும் தப்பு. இனிமேல் கூப்பிட மாட்டேன், என் முன்னால் வேறு யாரையும் கூப்பிட விட மாட்டேன்.' இவ்வளவு போதும். பதில் வராமல் இருக்கலாம். குழுவுக்குத் திரும்பி வா என்று இப்போது கேட்காதீர்கள்.

கடைசி வாக்கியம்தான் கஷ்டம். மற்ற நண்பர்கள் அவரில்லாதபோதும் அவரை அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். அந்த இடத்திலேயே அவருடைய பெயரைச் சொல்லித் திருத்துங்கள். 'ஓவரா பண்றடா' என்பார்கள், சொல்லட்டும்.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் போனில் அவர் எண்ணை என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை மாற்றிவிட்டு அப்புறம் எழுத உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா