ஏஎச்யூ டிரேயில் தண்ணீர் தேங்கினால் பைப் சைஸை விட்டு டிராப்பை அளந்து பாருங்கள்

"சார், தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். தரைத்தளத்தில் ஏசி காற்றைக் குளிரவைத்து அனுப்பும் 10 டன் ஏஎச்யூ. ஓடும்போது டிரெயின் டிரே நிறைந்து வழிகிறது. நிறுத்தினால் தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகப் போய்விடுகிறது. 1 இன்ச் பைப்பை 2 இன்ச் ஆக்கினேன், எல்போ வைத்து U டிராப்பும் போட்டிருக்கிறேன். இன்னும் என்ன சைஸ் போட வேண்டும்?"

நிறுத்தியதும் தண்ணீர் பாய்கிறது என்றால் பைப்பில் அடைப்பு இல்லை. ஓடும்போது பிளோயர் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பைப் சைஸை முதலில் முடித்துவிடுவோம். 10 டன்னில் கால் பங்கு ஈரம் எடுக்கவே செலவானால் மணிக்குச் சுமார் 13 லிட்டர் தண்ணீர் வரும். புழுக்கமான நாளில் வெளிக்காற்று அதிகம் வந்து அது இரண்டு மடங்கானாலும் நிமிடத்துக்கு இரண்டு டம்ளர்தான். அதற்கு 1 இன்ச் பைப்பே தாராளம். பாசியும் சேறும் படியும் என்பதற்காக 1¼ இன்ச் போடலாம். டிரேயின் வாயை விடச் சிறிதாக மட்டும் போடாதீர்கள். மீட்டருக்கு 10 மிமீ வாட்டம் இருந்தால் போதும்.

இனி டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நின்று காற்றை அடைக்கும் வளைவு. உங்கள் ஏஎச்யூவில் பிளோயர் காயிலுக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கிறது, அதனால் டிரே இருக்கும் அறையில் நெகட்டிவ் பிரஷர். அது எவ்வளவு என்று கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபிலேயே அளக்கலாம். காயிலுக்கும் பிளோயருக்கும் நடுவே பேனலில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, டியூபின் ஒரு முனையைச் செருகுங்கள். மற்ற முனையைத் திறந்தே விட்டு, டியூபை U மாதிரி தொங்கவிட்டுப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ஏஎச்யூ ஓடும்போது இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய அளவு.

ஃபில்டர் கழுவிய அன்று எடுத்த அளவை நம்ப வேண்டாம். ராயபுரத்தில் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரக் கட்டடம் ஒன்றில் முதல் நாள் 28 மிமீ காட்டிய டியூப், மூன்று வாரம் கழித்து 47 காட்டியது. தூசி ஏற ஏற இழுவையும் ஏறும். அதனால் ஃபில்டரில் பாதியை அட்டையால் மறைத்துவிட்டு அளவு எடுங்கள்.

உங்களுக்கு 50 மிமீ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது டிராப்பின் உள்பக்கத் தண்ணீர், வெளிவாயை விட 50 மிமீ உயரமாக நிற்கும். உங்கள் U-வில் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் அந்த 50 மிமீ-யும் டிரேக்குள்தான் நிற்க வேண்டும். 40 மிமீ ஆழ டிரே வழியாமல் என்ன செய்யும்?

ஆகவே டிராப்பின் வெளிவாய், டிரே வாய்க்குக் கீழே 50 மிமீ-யும் கூடுதலாக ஒரு 25 மிமீ-யும் சேர்த்து 75 மிமீ தாழ்ந்திருக்க வேண்டும். வெளிவாயிலிருந்து கீழே, டிராப்புக்குள் நிற்கும் தண்ணீரின் ஆழம் அதில் பாதி, அதாவது 40 மிமீ வரட்டும். ஏஎச்யூ ஸ்டார்ட் ஆகும்போது வெளிப்பக்கத் தண்ணீர் 25 மிமீ இறங்கும். ஆழம் அதற்கும் குறைந்தால் அடியில் காற்று புகுந்துவிடும். பைப் விட்டத்தையும் சேர்த்தால் டிரே வாய்க்குக் கீழே மொத்தம் 150 மிமீ இடம் வேண்டும்.

தரையில் நிற்கும் ஏஎச்யூவில் இந்த இடம் பெரும்பாலும் இருக்காது. சேனல் ஸ்டாண்ட் வைத்துத் தூக்கலாம். உங்கள் ஏஎச்யூ அறைக்கு வெளிச்சுவர் இருந்து, வெளியே தரை தாழ்வாக இருந்தால் அதைவிட எளிய வழி உண்டு. பைப்பை வாட்டத்தோடு சுவருக்கு வெளியே கொண்டுபோய் டிராப்பை அங்கே வையுங்கள். டிரே முதல் டிராப் வரை ஒரு ஜாயின்ட்கூடக் காற்று இழுக்கக் கூடாது. வென்ட் வைப்பதானால் டிராப்புக்குப் பிறகுதான். முன்னால் வைத்தால் அந்த வழியாகவே காற்று உள்ளே போகும். இன்னொரு ஏஎச்யூ இருந்தால் அதற்குத் தனி டிராப், அதன் பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். கடைசி முனையைச் சாக்கடைப் பைப்பில் நேராகச் சொருகாமல், ஃப்ளோர் டிராப்புக்கு மேலே இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

சீலிங்குக்கு மேலே வைக்கும் சிறிய ஏசி யூனிட்களான எஃப்சியூக்கள் பலவற்றில் ஃபேன் காயிலை நோக்கிக் காற்றைத் தள்ளும். அங்கே டிரே மேல் இழுவை கிடையாது, தள்ளல்தான். அதனால் சம உயர U அங்கே ஓடிவிடும். உங்கள் பிளம்பர் அதைப் பார்த்தே இங்கேயும் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் டிராப் காய்ந்துவிடும். காய்ந்த டிராப் வழியே காற்று வேகமாக உள்ளே வருவதால் தண்ணீர் தானாக அதில் நிரம்பாது. டிராப்பின் தலையில் மூடியுள்ள டீ ஒன்று போட்டுவைத்து, சீசன் தொடங்கும் முன் அதன் வழியே தண்ணீர் ஊற்றி இறுக மூடுங்கள். ஓடும்போது வெளிவாயருகே ஊதுவத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடக் கூடாது.

வேலை முடிந்ததும், டிராப்பில் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டு, அட்டை மறைத்த ஃபில்டரோடு ஏஎச்யூவை ஓடவிடுங்கள். இழுவை மாறாதபடி, பேனலைத் திறக்காமல் அளவெடுத்த ஓட்டையிலேயே டியூபை நீட்டி டிரேயில் இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டு, அந்த ஓட்டையை டேப் போட்டு மூடுங்கள். மெஷினை நிறுத்தாமலே அந்த இரண்டு லிட்டரும் வெளிவாயில் வந்துவிட வேண்டும்.