மேனேஜர் போட்டது 3, கடிதத்தில் வந்தது 2

"ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையில் மகளிர் குழுக் கடன் வசூல் பார்க்கிறேன். நாலரை வருஷம் ஆகிறது. இந்த வருஷ வேலை மதிப்பீட்டில் எனக்கு 5-க்கு 3 போட்டிருப்பதாக மேனேஜர் சொன்னார். கடிதத்தில் 2 என்று வந்திருக்கிறது. கேட்டால் பெல் கர்வ் என்கிறார்கள். என் வேலை போய்விடுமா? 15,000 ரூபாய் கொடுத்தால் தலைமை அலுவலகத்தில் பேசி 3 ஆக்கித் தருவதாக ராமநாதபுரத்தில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் 2 வந்ததை மட்டும் வைத்து வேலையைவிட்டு அனுப்புவதும் வழக்கமில்லை. ஆனால் சம்பள உயர்வில் அடி விழும். அது எப்படி விழுந்தது என்று புரிந்துகொண்டால்தான் எங்கே போய்க் கேட்பது என்பது தெரியும்.

மேனேஜர் உங்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் போட்டது முதல் மதிப்பெண்தான். அதற்குப் பிறகு நார்மலைசேஷன் என்று ஒரு கூட்டம் நடக்கும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் கிளைகளில் உங்களைப் போல வசூல் பார்க்கும் 40 பேரை ஒரே பட்டியலில் வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். 5 என்பது 4 பேருக்கு, 4 என்பது 8 பேருக்கு, 3 என்பது 22 பேருக்கு, 2 என்பது 4 பேருக்கு, 1 என்பது 2 பேருக்கு என்று மேலிடம் முன்கூட்டியே பங்கு போட்டுவிடும். இதை வரைபடமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் தாழும். அதுதான் பெல் கர்வ்.

மேனேஜர்கள் கொண்டுவரும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். 6 பேருக்கு 5, 14 பேருக்கு 4, 18 பேருக்கு 3, 2 பேருக்கு மட்டும் 2, யாருக்கும் 1 இல்லை. இதை அந்தப் பங்குக்குள் அடக்க வேண்டும். 5 வாங்கிய இருவர் 4-க்கு இறங்குவார்கள். அங்கே கூட்டம் சேர்ந்துவிடுவதால் எட்டுப் பேர் 3-க்கு வருவார்கள். அங்கிருந்து நாலு பேர் 2-க்கு, 2-ல் இருந்த இருவர் 1-க்கு. ஆக 16 பேர் ஒரு படி இறங்குகிறார்கள், ஒருவர்கூட ஏறவில்லை. 3-லிருந்து இறங்கிய அந்த நாலு பேரில் நீங்கள் ஒருவர். உங்கள் வேலை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்களைக் கீழே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த நாலு பேரை எப்படிப் பொறுக்குகிறார்கள்? பெரும்பாலும் வருஷ வசூல் சதவீதத்தைப் பார்ப்பார்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால், தன் ஆளுக்காக எந்த மேனேஜர் உறுதியாகப் பேசுகிறாரோ அவருடைய ஆள் தப்பிப்பார். கடலோரக் கிளைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும். ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கூடையில் மீன் விற்கும் பெண்கள் எல்லாருக்கும் வருமானம் சுருங்கும். குழுத் தவணை தட்டும். மதிப்பீட்டு வருஷமோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. முதல் இரண்டரை மாதத்தில் விழுந்த பள்ளம் மார்ச்சில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மதுரையில் கடைத்தெருவில் வசூலிப்பவரின் சதவீதத்தையும் உங்கள் சதவீதத்தையும் ஒரே பட்டியலில் வைத்துவிடுகிறார்கள். தடைக்காலம் வருஷா வருஷம் அதே தேதியில்தான் வருகிறது. தலைமை அலுவலகம் இன்னும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அது அவர்களுடைய சோம்பேறித்தனம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, சின்னக் குழுவுக்கு. 1-க்கான பங்கு 40 பேரில் 2 பேர், அதாவது 5 சதவீதம். ஐந்து பேர் உள்ள கிளையில் அது கால் ஆள். கால் ஆளுக்கு 1 போட முடியாது. அதனால் பல நிறுவனங்களின் விதியிலேயே, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே உள்ள குழுவுக்குத் தனியாகக் கர்வ் போடக் கூடாது என்று எழுதியிருக்கும். இதைக் கேட்டவுடன், நம் கிளையில் ஐந்தே பேர்தானே, எனக்கு இது பொருந்தாதே என்று கிளம்பிவிடாதீர்கள். கிளைக்குத் தனியாகப் போடுவதில்லை, பல கிளைகளைச் சேர்த்துப் பெரிய பட்டியலாக்கிப் போடுகிறார்கள். அப்படிச் சேர்ப்பது விதிமீறல் இல்லை. ஆனால் சேர்த்தவர்கள் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி டார்கெட் உள்ளவர்களா என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. கிளையில் ஐந்து பேர் என்று வாதாடினால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். தடைக்காலமே இல்லாத ஊரோடு சேர்த்தது ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல யோசிப்பார்கள். கேள்வியை அங்கே வையுங்கள்.

இந்த முறையையே நான் ஏற்கவில்லை. 2013-ல் மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிட்டது. தேர்வு வைத்து, நேர்காணல் வைத்து ஆள் எடுத்துவிட்டு, அதற்குள் கட்டாயம் ஆறு பேர் சரியில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது நியாயமே இல்லை.

பணத்துக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம் 22,000. 3-க்கு 7 சதவீதமும் 2-க்கு 2 சதவீதமும் உயர்வு என்று வைத்துக்கொண்டால், 1,540 கிடைக்க வேண்டிய இடத்தில் 440 கிடைக்கும். மாதம் 1,100, வருஷத்துக்கு 13,200 போகிறது. அடுத்த வருஷ உயர்வும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும்.

உங்களிடம் 15,000 கேட்பவர் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் கேட்கிறார். கடிதம் வந்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் ரேட்டிங் சிஸ்டத்தில் பூட்டப்பட்டுவிடும். அதைத் திறக்க மேல்முறையீட்டுக் குழுவால்தான் முடியும், அந்தக் குழுவுக்கு நீங்களே இலவசமாக எழுதலாம். உங்கள் மேல்முறையீடு தானாக ஜெயித்தால் நான்தான் முடித்தேன் என்பார், தோற்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். இப்படிப்பட்டவர்கள் பிஎஃப் கணக்கின் யூஏஎன் எண், கடவுச்சொல், ஓடிபி கேட்பதும் உண்டு. எதையும் கொடுக்காதீர்கள். இன்னொரு வகை, 2 வந்தவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்று பயமுறுத்தி, போலி அனுபவச் சான்றிதழ் விற்பவர்கள். அனுபவச் சான்றிதழில் ரேட்டிங் எழுதுவது வழக்கமே இல்லை. போலியைக் கொடுத்தால் பிஎஃப் பதிவில் எங்கே எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்று பார்த்ததுமே மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, என்ன செய்வது? மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், சில இடங்களில் ஏழு நாள்தான். விதியை இன்றே கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சலில் மாதவாரியாக டார்கெட், வசூல், சதவீதம் எழுதுங்கள். தடைக்கால மாதங்களைத் தனியாகக் காட்டி, ஜூலை முதல் மார்ச் வரையிலான சதவீதத்தைத் தனியாகக் கொடுங்கள். 3 ஏன் 2 ஆனது என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். பக்கத்துக் கிளைக்காரர் பெயரை இழுக்காதீர்கள். கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் 'பெற்றுக்கொண்டேன், ரேட்டிங்கை ஏற்கவில்லை' என்று எழுதிப் போடுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது ராஜினாமாவைத்தான். 'நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்ல பெயரோடு போகலாம்' என்பார்கள். எழுதாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ன்படி ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது. மீறினால் மேல்முறையீடு செய்யலாம். நீங்களே ராஜினாமா எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அதோடு உங்களுக்கு ஐந்து வருஷம் முடிய ஆறு மாதம்தான் பாக்கி. முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. 22,000 அடிப்படைக்கு ஏறக்குறைய 63,000 ரூபாய் வரும்.

மேல்முறையீடு தோற்றாலும், அடுத்த டார்கெட் கடிதம் கைக்கு வரும்போது ஏப்ரல், மே, ஜூன் மாத எண்களைக் குறைத்துத் தரச் சொல்லி ஏரியா மேனேஜருக்கு எழுதுங்கள், மேனேஜருக்கும் நகல் போகட்டும். அடுத்த மார்ச் கூட்டத்தில் அவர் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.