மனைவிக்கு மட்டுமே பொருந்தும் பிறந்தநாள் வாழ்த்து

“வீடு குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவி காட்பாடியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவள் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் ரோஜாப்பூ படத்தோடு ஒரு வாழ்த்தை ஃபார்வர்ட் பண்ணுவேன். போன வருஷம் ‘இதையேதானே உங்க தங்கச்சிக்கும் அனுப்புனீங்க’ என்று கேட்டுவிட்டாள். இந்த மாதக் கடைசியில் மறுபடியும் பிறந்தநாள். மனசுக்குள் நிறைய இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. நானே எழுதிப் பார்த்ததை இத்துடன் அனுப்புகிறேன். சரி பண்ணித் தர முடியுமா?”

முதலில் நீங்கள் அனுப்பிய வரைவு, வாசகர்களுக்காக:

“இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் என் உயிரே. நீ எனக்குக் கிடைத்தது நான் செய்த புண்ணியம். வீட்டையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போய் எங்களுக்காக உழைக்கிறாய். நீ இல்லாமல் நான் ஒன்றுமே இல்லை. நூறாண்டு வாழ்க.”

இதில் பொய் எதுவும் இல்லை, உங்கள் பாசமும் தெரிகிறது. ஆனால் ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இதை வாங்கி ஒரு எழுத்துகூட மாற்றாமல் தன் மனைவிக்கு அனுப்பிவிடலாம். நீங்கள் ஷூவுக்கு சைஸ் பார்ப்பவர். எல்லாக் காலுக்கும் ஒரே ஷூ என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் பாஸ் செய்வீர்களா? எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்படிப் பாருங்கள்: இன்னொருவர் மனைவிக்கு அனுப்பினாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அந்த வரி வேண்டாம். உங்கள் வரைவில் இந்தச் சோதனையில் தேறும் வரி ஒன்றுகூட இல்லை.

அதைவிட முக்கியமான இன்னொரு குறை இருக்கிறது, பலர் கண்ணில் அது படுவதில்லை. வரிகளை யாரைப் பற்றியவை என்று பிரித்துப் பாருங்கள். “நான் செய்த புண்ணியம்”, “நான் ஒன்றுமே இல்லை”: இரண்டும் உங்களைப் பற்றியவை. “எங்களுக்காக உழைக்கிறாய்” என்பது அவரைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், அவரால் வீட்டுக்கு என்ன லாபம் என்றுதான் சொல்கிறது. பிறந்தநாள் அவருக்கு, வாழ்த்து முழுக்க உங்கள் வரவுக் கணக்கு!

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக உளவியலாளர் சாரா அல்கோவும் அவரது குழுவினரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு அது. தம்பதிகளை உட்காரவைத்து, ஒருவர் மற்றவர் செய்த ஏதோ ஒன்றுக்கு நன்றி சொல்வதைப் பதிவு செய்தார்கள். நன்றியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். “அதனால் எனக்கு இவ்வளவு நன்மை” என்பது ஒன்று. “அதைச் செய்த நீ இப்படிப்பட்டவர்” என்பது இன்னொன்று. கேட்டவர் மனதில் நெருக்கமும் ‘என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார்’ என்ற உணர்வும் இரண்டாவது விதத்தோடுதான் சேர்ந்து வந்தன. தனக்குக் கிடைத்த நன்மையைச் சொன்னதில் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

எனவே நீங்கள் எழுத வேண்டியது, இந்த ஒரு வருஷத்தில் உங்கள் மனைவியிடம் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று. நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பது அவருக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அதனால்தான் போனில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: யாரும் கேட்காமல், வீட்டுக்காகவும் இல்லாமல், அவராகச் செய்த ஒரு காரியம் சொல்லுங்கள். “அப்படி எதுவும் இல்லைங்க” என்றீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். நினைவில் பெரிய சம்பவங்கள் மட்டுமே உடனே வந்து நிற்கும், சின்னவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதற்கு போன் கேலரி போதும். போன பிறந்தநாளிலிருந்து இன்றுவரை படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அவர் சிரித்து நிற்கும் படங்களைவிட, ஓரத்தில் வேறு வேலையாக இருக்கும் படங்களில் நில்லுங்கள். அப்படித்தான் நீங்களும் இந்த வைகாசி 1-ல் எடுத்த சிரசுத் திருவிழாப் படத்தில் வந்து நின்றீர்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் திருவிழாவில் அம்மன் சிரசு ஊர்வலமாக வரும். அன்று ஊரே தெருவில்தான், கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூட்டு வலி, சில வருஷமாக வீட்டுக்குள்ளிருந்து மேளச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர். உங்கள் மனைவி முந்தின நாளே ஊர்வலம் வரும் தெருவில் ஒரு வீட்டில் போய்ப் பேசி, திண்ணையில் ஒரு நாற்காலிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். மறுநாள் பாட்டியைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். நீங்கள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறீர்கள். இதைப் போனில் சொல்லிவிட்டு, “இதெல்லாம் ஒரு விஷயமாங்க?” என்றும் கேட்டீர்கள். இதுதான் விஷயம்.

பிறகு நீங்கள் எழுதி அனுப்பிய இரண்டாவது வரைவில் சம்பவம் வந்துவிட்டது. கூடவே “கருணைக் கடல்”, “தாய்மை உள்ளம்”, “தெய்வப் பிறவி” மூன்றும் வந்து ஏறிக்கொண்டன. மூன்றையும் எடுத்துவிட்டேன். நாற்காலிக்கு முந்தின நாளே இடம் கேட்டு வைத்தார் என்றாலே கருணை தெரிந்துவிடுகிறது. பட்டம் கொடுத்தால் படிப்பவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். நடந்ததை மூன்று நான்கு வரியில் சொல்லுங்கள், அதிலிருந்து நீங்கள் அவரைப் பற்றிப் புரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுதத்தான் நேரம் பிடிக்கும். நீங்கள் போனில் பேச்சுவாக்கில் சொன்னீர்கள்: “அம்மன் வந்தப்ப எல்லாரும் அம்மனைப் பாத்தாங்க, இவ பாட்டிக்குத் தெரியுதான்னு பாத்துக்கிட்டிருந்தா.” அது அப்படியே போகட்டும்.

அடுத்தது நடை. வீட்டில் “டீச்சரம்மா” என்று கூப்பிடுகிறவர், காகிதத்தில் மட்டும் “என் உயிரே” என்றால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பேசுகிறபடியே எழுதுங்கள். கணக்கு டீச்சர் பிழை திருத்தப்போகிறார் என்று பயமா? அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் நன்றிக் கடிதம் எழுத வைத்து இதைத்தான் பார்த்தார்கள். எழுதியவர்கள் சொற்கள் சரியாக அமையவில்லையே, வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று கவலைப்பட்டார்கள். வாங்கியவர்களுக்கு அந்த அளவு சங்கடமே இல்லை, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமாக மகிழ்ந்திருந்தார்கள்.

கடைசியில் வாழ்த்து. “நூறாண்டு வாழ்க” என்பதற்குப் பதிலாக, வரப்போகும் வருஷத்தில் அவர் எதற்காக ஏங்குகிறாரோ அதைத் தொடுங்கள். அவர் டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். “நீ ஜெயிப்பாய்” என்பது நம் கையில் இல்லை. படிக்க நேரம் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் “இனி வீட்டு வேலையில் பாதி என்னுடையது” என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்த வாக்கு, அதுவும் ஆசிரியையிடம்! கிழமையும் நேரமும் சொல்லி, முடிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து, உங்கள் வார்த்தைகளையே வைத்து வந்தது இது:

“டீச்சரம்மா, பிறந்தநாள் வாழ்த்து. இந்த வருஷம் ஃபார்வர்ட் இல்ல, நானே எழுதறேன்.

சிரசு அன்னிக்கு நீ பாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தேன். அவங்க நடைக்கு நீ நடந்த. ஒரு தடவைகூட ‘சீக்கிரம் வாங்க’ன்னு சொல்லல. முந்தின நாளே போய் திண்ணையில நாற்காலிக்கு இடம் கேட்டு வெச்சிருந்தது, அங்க போனப்புறம்தான் எனக்குத் தெரியும். அம்மன் வந்தப்ப எல்லாரும் அம்மனைப் பாத்தாங்க, நீ பாட்டிக்குத் தெரியுதான்னு பாத்துக்கிட்டிருந்த. கிளாஸ்லயும் நீ கடைசி பெஞ்சைப் பாத்துத்தான் பாடம் நடத்துவன்னு அப்பத்தான் தோணுச்சு.

பரீட்சை முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாப்பா என் பொறுப்பு. ஷிப்மென்ட் வாரம் மட்டும் விட்டுடு.”

போனில் ஒரு திரைக்குள் அடங்கும் அளவு. இதற்கு மேல் நீட்ட வேண்டாம். “அன்னிக்கு நான்கூட ‘இந்தக் கூட்டத்துல இது தேவையா’ன்னு கேட்டுட்டேன், மன்னிச்சிடு” என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மன்னிப்பு கேட்டால் அவர் உங்களைச் சமாதானப்படுத்தவேண்டி வரும். அதை இன்னொரு நாள் வாயாலேயே சொல்லுங்கள். அதேபோல உங்கள் அம்மா, கடன், பழைய சண்டை எதுவும் இதில் வரக்கூடாது, வேடிக்கையாகக்கூட.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு வருஷமாகப் பேச்சே சரியில்லாத வீட்டில், திடீரென்று இப்படி ஒரு வாழ்த்து வந்தால் “எதற்கு இந்த ஐஸ்?” என்றுதான் தோன்றும். அப்படி இருப்பவர்கள் சம்பவத்தை மட்டும் இரண்டு வரியில் எழுதி நிறுத்திக்கொள்ளலாம், வாக்குறுதி எதுவும் சேர்க்க வேண்டாம். மனத்தாங்கலைப் பிறந்தநாள் வாழ்த்தால் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். உங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. தங்கச்சி விஷயத்தைக் குத்திக்காட்டுகிற அளவுக்கு உரிமையோடுதான் இருக்கிறார்.

எப்படிக் கொடுப்பது? உங்கள் கையெழுத்தில், காகிதத்தில். வாட்ஸப்பில் அனுப்பினால் அன்று காலை வந்து குவியும் கேக் படங்களுக்கு நடுவே இதுவும் கிடக்கும். நள்ளிரவு 12 மணிக்கு எழுப்பி நீட்டவும் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் படிக்கப் பிடிக்காது. மே மாதம் பள்ளி லீவு, காட்பாடி ரயிலைப் பிடிக்கிற ஓட்டம் அவருக்கு இல்லை. டி.ஆர்.பி. கைடில் அவர் விட்ட பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் டூட்டிக்குக் கிளம்புங்கள். எதிரில் ஆள் நின்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் அவர் யோசிப்பார்.

குடும்ப குரூப்பில் வழக்கமான வாழ்த்து ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் அதற்குத் தனியாக விசாரணை வரும். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் “படிச்சியா, எப்படி இருந்தது?” என்றும் கேட்காதீர்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் டீ போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை. வருகிற ஞாயிறு மத்தியானம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுங்கள்.