கடை டிவியில் வீடியோ முடிந்து திரும்பத் தொடங்கும்போது கருப்பாக வெட்டாமல் ஓட வைப்பது எப்படி?

கேள்வி: ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிப் பொருள் கடை வைத்திருக்கிறோம். வாசலில் உள்ள டிவியில் பென்டிரைவ் போட்டு கடல் வீடியோ ஓட்டுகிறோம், சத்தம் வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை திரை கருப்பாகி, ஃபைல் பெயர் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த இடைவெளி தெரியாமல் தானாகத் திரும்ப ஓட என்ன செய்ய வேண்டும்?

பதில்:

உங்கள் திரையில் இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. வீடியோவின் கடைசிக் காட்சியும் முதல் காட்சியும் ஒட்டாமல் அலை துள்ளுவது ஒன்று. டிவியில் உள்ள பிளேயர் ஃபைலை மூடிவிட்டு மறுபடி திறப்பதால் வரும் கருப்பு இன்னொன்று. முதலாவதை எடிட்டிங்கில் சரி செய்யலாம். இரண்டாவதை எடிட்டிங்கில் ஒன்றும் செய்ய முடியாது, வேறு வழியில்தான் சமாளிக்க வேண்டும். பலர் முதலாவதை மட்டும் சரி செய்துவிட்டு "இன்னும் வெட்டுதே" என்று குழம்புவார்கள்.

எது எங்கே வருகிறது என்று பார்க்க, அதே ஃபைலைக் கணினியில் mpv என்ற இலவச பிளேயரில் போடுங்கள்.

```
mpv --fs --loop-file=inf kadal.mp4
```

இதில் ஓடும்போதும் அலை துள்ளினால் கோளாறு வீடியோவில். இதில் வழுக்கிக்கொண்டு போய், டிவியில் மட்டும் கருப்பு வந்தால் கோளாறு டிவியில்.

இனி வீடியோவுக்கு வருவோம். சத்தத்தை மியூட் செய்தால் போதாது, ஆடியோவையே ஃபைலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆடியோ சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் பதிவாகிறது. வழக்கமான ஏஏசி ஆடியோவில் ஒரு துண்டு 1024 மாதிரிகள், அதாவது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போல. அது வீடியோவின் நீளத்தோடு சரியாகப் பொருந்தி முடிவது அபூர்வம். இரண்டில் நீளமானது முடியும் வரை பிளேயர் காத்திருக்கும், அங்கே ஒரு சிறு திக்கல் விழும். ஆடியோவே இல்லையென்றால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து எந்தக் கடலை எடுக்கிறீர்கள் என்பது. நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பாக் விரிகுடாப் பக்கம், நாம் பெண்கடல் என்கிறோமே, அங்கே பெரும்பாலும் சின்னச் சுருக்க அலைதான். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடலில் அலை எழும்பி உடைந்து நுரை தள்ளும். பார்க்க ஆண்கடல்தான் அழகு, ஆனால் இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குப் பெண்கடல்தான் நல்லது. வீடியோவின் கடைசியையும் முதலையும் இரண்டு வினாடி ஒன்றில் ஒன்று கரைத்து ஒட்டப் போகிறோம். சுருக்க அலையில் அந்தக் கரைசல் கண்ணுக்கே தெரியாது. உடையும் அலையில் ஒரே இடத்தில் இரண்டு நுரைக்கோடு ஆவி மாதிரி தெரியும். வாடைக் காற்று மாதங்களில் பெண்கடலும் கொந்தளிக்கும், அப்போது எடுக்காதீர்கள்.

எடுக்கும்போது போன் ஸ்டாண்டில் அசையாமல் நிற்க வேண்டும். கடற்கரைக் காற்றில் மெல்லிய ஸ்டாண்ட் ஆடும், காலில் மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று எடுப்பதை நான் விரும்புவதில்லை. பஸ், லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிரும், அது படத்தில் தெரியும். கரையில் இறங்கி நின்று எடுத்தால் ரயில் பாலமும் படத்தில் அசையாமல் இருக்கும், கரைக்கும்போது கடல் மட்டும்தான் மாறும். போனில் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மேகம் போனதும் படம் தானாக வெளுக்கும், ஒட்டும் இடத்தில் வெளிச்சம் ஏறி இறங்கும். எச்டிஆரை அணைத்துவிடுங்கள். அந்த ஃபைலைப் பல டிவிகள் வெளிறிய நிறத்தில் காட்டும், பழைய டிவி திறக்கவே திறக்காது. முதல் இரண்டு வினாடியிலும் கடைசி இரண்டு வினாடியிலும் ஆளோ படகோ பறவையோ குறுக்கே வரக் கூடாது. நடுவில் வந்தால் பரவாயில்லை, வந்து முழுதாக வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கோடு பார்ப்போம். 32 வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கிளிப் இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணமாக எல்லோரும் முதலில் ஃபேட்-இன், கடைசியில் ஃபேட்-அவுட் போடுவார்கள். அது கருப்பை நீங்களே உள்ளே வைத்துக் கொடுப்பது. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்: கிளிப்பின் முதல் இரண்டு வினாடியைத் தனியே வெட்டி எடுங்கள். மீதி 30 வினாடியின் கடைசி இரண்டு வினாடி மேல் அதைக் கரையவிடுங்கள். புது வீடியோ பழைய கிளிப்பின் இரண்டாவது வினாடியில் தொடங்குகிறது. முடியும்போதும் படம் கரைந்து அதே இரண்டாவது வினாடிக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே கடைசி ஃபிரேமுக்கு அடுத்து வர வேண்டியதே முதல் ஃபிரேம். ஒட்டு வீடியோவுக்குள்ளேயே மறைந்துவிடும், திரும்பும் இடத்தில் ஒட்டே இல்லை.

எந்த எடிட்டரிலும் இதைச் செய்யலாம். ffmpeg என்ற இலவச நிரல் கணினியில் இருந்தால் ஒரே கட்டளை, முழுதையும் ஒரே வரியாகக் கொடுங்கள்:

```
ffmpeg -i kadal.mp4 -filter_complex "[0:v]scale=1920:1080,fps=25,split[a][b];[a]trim=2:32,setpts=PTS-STARTPTS,fps=25[udal];[b]trim=0:2,setpts=PTS-STARTPTS,fps=25[thalai];[udal][thalai]xfade=transition=fade:duration=2:offset=28,format=yuv420p[v]" -map "[v]" -an -c:v libx264 -b:v 6M -maxrate 8M -bufsize 12M -bf 0 -g 50 loop.mp4
```

`offset=28` என்பது அந்த 30 வினாடிக்குள் கரைசல் தொடங்கும் இடம். உங்கள் கிளிப் வேறு நீளமானால் 32-ஐயும் 28-ஐயும் அதற்கேற்ப மாற்றுங்கள். போனில் வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் 25 என்று வரும் இடங்களில் எல்லாம் 30 போடுங்கள், இல்லாவிட்டால் அலை விட்டு விட்டு நகரும். `-an` ஆடியோவை எடுக்கிறது. `yuv420p` இல்லாமல் போனால் கணினியில் ஓடும் ஃபைல் டிவியில் ஓடாமல் போகலாம். `-bf 0` எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

கடைப் பெயர், விலை மாதிரி எழுத்து போட்டால், அது முழு நேரமும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கட்டும். கரைக்கும்போது ஒரே எழுத்தின் மேல் அதே எழுத்துதான் விழும், ஒன்றும் தெரியாது. வந்து போகும் எழுத்தானால் முதல் இரண்டு, கடைசி இரண்டு வினாடியில் இருக்கக் கூடாது.

வலம்புரிச் சங்கைச் சுழலும் தட்டில் வைத்து எடுக்க நினைத்தால் இந்த முறை ஆகாது, சங்கு இரண்டாகத் தெரியும். அங்கே கரைக்கவே வேண்டாம். சரியாக ஒரு சுற்று வரும் இடத்தில் வெட்டுங்கள். முதல் ஃபிரேம் போலவே இருக்கும் ஃபிரேமைக் கண்டுபிடித்து, அதற்கு முந்திய ஃபிரேமோடு நிறுத்துங்கள். அதையும் சேர்த்துவிட்டால் ஒரே படம் இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சங்கு ஒரு கணம் நின்று போகும். கடைக்குள் எடுப்பதானால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 வையுங்கள். இல்லையென்றால் எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

சரி, அப்புறம் டிவியின் கருப்பு. பல டிவிகள் பென்டிரைவ் ஃபைல் முடிந்ததும் அதை முழுதாக மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கும், அடுத்தது அதே ஃபைலாக இருந்தாலும். Repeat One என்று வைத்தால் சிலவற்றில் கருப்பு குறையும், போகாது. ஆகவே அது அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. 30 வினாடி லூப்பையே 120 தடவை தொடர்ந்து அடுக்கி ஒரு மணி நேர ஃபைலாக்குங்கள்:

```
ffmpeg -stream_loop 119 -i loop.mp4 -c copy kadai.mp4
```

119 என்பது முதல் தடவைக்கு மேல் திரும்பும் எண்ணிக்கை. படத்தை மறுபடி சுருக்குவதில்லை, நகல் மட்டும்தான், அதனால் சீக்கிரம் முடியும், தரமும் குறையாது. `-bf 0` இங்கேதான் உதவுகிறது. முன்னும் பின்னும் உள்ள படங்களைச் சார்ந்து பதிவாகும் பி-ஃபிரேம்கள் இருந்தால் படங்கள் காட்டும் வரிசையும் ஃபைலில் இருக்கும் வரிசையும் வேறாக இருக்கும், இப்படி நகலெடுத்து ஒட்டும் இடத்தில் நேரக் குறிப்பு பிசகி ஒரு சிறு குலுக்கல் வரலாம்.

ஏன் ஒரு மணி நேரம், பத்து மணி நேரம் ஏன் இல்லை? பென்டிரைவ்தான் காரணம். டிவிகள் தயங்காமல் படிப்பது எஃப்ஏடி32 வடிவம், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. வினாடிக்கு 6 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி. இரண்டு மணி நேரம் வைத்தால் 5.4, ஏறாது. பிட்ரேட்டைக் குறைத்து நீட்டலாம்தான், ஆனால் கடல் மாதிரி முழுதும் அசையும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எக்ஸ்எஃப்ஏடி என்ற இன்னொரு வடிவத்தை உங்கள் டிவி படிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள், படித்தால் இந்த வரம்பு இல்லை. பென்டிரைவில் இந்த ஒரு ஃபைல் மட்டும் இருக்கட்டும். மேக் கணினியிலிருந்து நகலெடுத்தால் `._kadai.mp4` என்று மறைவான ஒரு குட்டி ஃபைலும் கூடவே ஏறும். டிவி அதையும் வீடியோ என்று நினைத்துத் திறக்கப் போய், திறக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அதை அழித்துவிடுங்கள்.

மணிக்கு ஒரு கருப்பும் கூடாது என்றால் டிவியின் பிளேயரை விட்டுவிட்டு எச்டிஎம்ஐயில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியையோ பழைய லேப்டாப்பையோ இணைத்து mpv-யில் ஓட்டுங்கள். அது ஃபைலை மூடுவதில்லை, முதலுக்குத் தாவுகிறது. தாவும்வரை கடைசிப் படம் திரையிலேயே நிற்கும். நம் லூப்பில் அதற்கு அடுத்தது முதல் படம்தான் என்பதால் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. கரண்ட் போய் வந்தாலும் இது கை கொடுக்கும். mpv கட்டளையைத் தானாகத் தொடங்கும் நிரல்களில் சேர்த்துவிட்டால், பை மின்சாரம் வந்ததும் எழுந்து வீடியோவைத் தொடங்கிவிடும். திடீரென்று கரண்ட் போவதால் மெமரி கார்டு கெடாமலிருக்க ராஸ்பெர்ரி பையின் அமைப்பு நிரலான `raspi-config`-இல் Overlay File System-ஐ இயக்குங்கள், கார்டில் எதுவும் எழுதப்படாது. வீடியோவை மாற்ற வேண்டிய நாளில் மட்டும் அதை அணைத்து, மாற்றிவிட்டு, மறுபடி இயக்க வேண்டும். டிவி கரண்ட் வந்ததும் தானாக எரிகிறதா, ரிமோட்டைத் தேட வைக்கிறதா என்பது டிவிக்கு டிவி வேறு. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.