விசா ஜூன் 13 வரை, தங்க 25 நாள்தான்

கேள்வி: மியூனிக்கில் இருக்கும் மகளைப் பார்க்க எனக்கும் கணவருக்கும் ஜெர்மனி விசா வந்துவிட்டது. 2026 மே 5 முதல் ஜூன் 13 வரை என்று இருக்கிறது. மே 5 காலையில் போய் இறங்குகிறோம், மே 29-க்குத் திரும்ப டிக்கெட். மகளோ ஜூன் 10 வரை இருங்கள், நடுவில் லண்டனும் போய்வரலாம் என்கிறாள். பாஸ்போர்ட் செப்டம்பர் 20 வரை இருக்கிறது. டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா? விசா படம் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. படத்தில் தேதிகளுக்குக் கீழே 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' என்ற இடத்தில் 25 என்று இருக்கிறது பாருங்கள். நீங்கள் தங்கக்கூடிய நாள் அவ்வளவுதான். மே 5 முதல் ஜூன் 13 வரை எண்ணினால் 40 நாள் வரும். மிச்சமுள்ள 15 நாள், பயணம் முன்பின் தள்ளிப்போனால் உதவட்டும் என்று சேர்த்துத் தருவது. தங்குவதற்கு அல்ல.

தினசரி காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். போய் இறங்கும் நாளும், அங்கிருந்து கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். மே 5 முதல் நாள் என்றால் 25-ஆம் நாள் மே 29. சென்னையில் விமானம் ஏறிய தேதியோ, திரும்பி வந்து சேரும் தேதியோ இதில் வராது. ஒருவேளை மே 20-இல் போயிருந்தால் ஜூன் 13 வரை முழு 25 நாளும் கிடைத்திருக்கும். மே 25-இல் போனால் 20 நாள்தான், ஏனென்றால் ஜூன் 13-க்கு மேல் விசாவே கிடையாது. இரண்டில் எது முதலில் முடிகிறதோ, அதுதான் கடைசி நாள். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசாவுக்கு அது தடையாகலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புது முறையில் வருகையும் புறப்பாடும் கணினியில் பதிவாகின்றன, அதனால் நாள் கணக்கு தப்பாது.

அப்புறம் லண்டன். 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 01 என்றிருக்கிறது. ஒரே தடவைதான் உள்ளே போகலாம். உங்கள் ஜெர்மனி விசா, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் வட்டம் என்ற ஐரோப்பிய நாடுகளுக்கானது. பிரிட்டன் அந்த வட்டத்தில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். அது இருந்து போனாலும், லண்டனிலிருந்து மியூனிக் திரும்ப முடியாது. வெளியே வந்ததுமே அந்த ஒரு தடவை தீர்ந்துவிடும். 'மல்ட்' என்று இருந்தால் போய்வரலாம். மகளிடம் சூரிச் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்து ஷெங்கன் வட்டத்துக்குள் இருப்பதால் தடவைக் கணக்கில் வராது.

பாஸ்போர்ட் தேதியால் தங்கும் நாள் கூடாது. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அது செல்ல வேண்டும் என்பதே விதி. மே 29-க்கு ஆகஸ்ட் 29 போதும், உங்களுக்குச் செப்டம்பர் 20 வரை இருக்கிறது. அதனால் அதில் சிக்கல் இல்லை.

அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் இதே கணக்கைப் போட வேண்டாம். அதிலுள்ள கடைசித் தேதி, அங்கே போய் இறங்குவதற்கான கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் அதிகாரி முடிவு செய்து ஐ-94 பதிவில் குறிப்பார்.