எச்சிலா, சளியா? குப்பி திரும்பி வராமல் இருக்க

"அப்பாவுக்கு வயது 72. மூன்று வாரமாக இருமல். காசநோய்ச் சோதனைக்கென்று கிளினிக்கில் இரண்டு குப்பி கொடுத்தார்கள். நேற்றுக் கொண்டுபோனால், 'இது எச்சில், பெயரும் மூடியில் இருக்கிறது' என்று திருப்பிவிட்டார்கள். சிறுநீரும் மலமும்கூடக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் முதல்நாளே எடுத்து ஐஸ்பெட்டியில் வைக்கலாமா?" – வாசகி, செந்தூல்

சளியை வைக்கலாம், சிறுநீரையும் வைக்கலாம். மலத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குப்பியைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்களே தவிர, எப்படி எடுப்பது என்று அரை நிமிடம் சொல்ல ஆளில்லை. அதனால் ஒரு நாள் வீண், முதியவருக்கு மறுபடியும் அலைச்சல். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தெளிந்து, தண்ணீர்போல் நுரைத்திருந்தால் எச்சில். கொழகொழவென்று, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ திரண்டிருந்தால் சளி. காசநோய்க் கிருமி நுரையீரலில் இருக்கிறது. நுண்ணோக்கியில் அது கண்ணில் படவேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்கவேண்டும். எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். குப்பியைத் திருப்பிக் கொடுத்ததே உங்களுக்கு நல்லது.

இரவெல்லாம் படுத்திருக்கும்போது சளி தேங்கும், அதனால் விடியற்காலையில் எழுந்ததும் எடுக்கவேண்டும். பசியாறுவதற்கு முன், ஆறிய கொதிநீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும். மௌத்வாஷ் வேண்டாம், அது கிருமியைக் கொல்லும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். குளியலறைக்குள் கூடாது, அவர் இருமும் காற்று அங்கேயே நிற்கும், அடுத்துப் போகிறவர் அதைச் சுவாசிப்பார். நீங்களும் தள்ளி நில்லுங்கள். இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, சில நொடி அடக்கி விடட்டும். மூன்றாவது முறை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி, வருவதை நேரே குப்பிக்குள் துப்பட்டும். 3 முதல் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, வரும்வரை திரும்பச் செய்யலாம். உடனே மூடியை இறுக்கித் திருகுங்கள்.

இனி லேபிள். மூடியில் எழுதவே கூடாது. லேப்பில் மூடியைக் கழற்றி வைத்ததும் குப்பி யாருடையது என்று தெரியாமல் போகும். குப்பியின் உடம்பில், அதுவும் எடுப்பதற்கு முன்பே, ஈரம் இல்லாதபோது பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய லேபிளை ஒட்டுங்கள். முழுப்பெயர், ஐசி எண் 12 இலக்கமும், எது மாதிரி, எடுத்த தேதி, நேரம். முனியாண்டி மகன் சுப்ரமணியம் என்று ஒரே கிளினிக்கில் இரண்டு பேர் இருக்கலாம், ஐசி எண் ஒன்றுதான் பிரித்துக் காட்டும். குப்பியை ஜிப் பையில் போட்டு, பாரத்தை வெளிப்பையில் வையுங்கள். கசிந்தால் எழுத்து அழிந்துவிடும்.

'வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்னும் இடைத்தரகர்களிடம் ஜாக்கிரதை. நாலு வீட்டுக் குப்பிகளை மோட்டார் கூடையில் போட்டு வெயிலில் சுற்றிவிட்டு, லேபிளைப் பிறகு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கண்ணெதிரே ஒட்டாதவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். குளிர்ப்பெட்டி கொண்டுவராதவரிடமும் கொடுக்காதீர்கள்.

சிறுநீருக்கு முதல் கொஞ்சத்தைக் கழிவறையில் விட்டு, நடுவில் வருவதை 20 மில்லிலிட்டர்போல் பிடியுங்கள். குப்பியின் உட்பக்கத்தை விரலால் தொடக்கூடாது. இரண்டு மணி நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் ஐஸ்பெட்டி. நம்மூர் வெப்பத்தில் வெளியே வைத்தால் கிருமி பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். சளியும் உடனே கொடுக்க முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரியில், ஒரு நாளுக்குள். உறைநிலைப் பகுதியில் வைக்காதீர்கள், சாப்பாட்டோடும் சேர்க்காதீர்கள்.

மலத்தைக் கழிவறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்காமல், சுத்தமான தட்டிலிருந்து குப்பியோடு வரும் கரண்டியால் எடுங்கள். சளியோ இரத்தமோ கலந்த பகுதி இருந்தால் அதைத் தேர்ந்து எடுங்கள். கெட்டியாகப் போகிறதென்றால் ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் கொடுக்கலாம். ஆனால் நீராகவோ இரத்தத்தோடோ போய், மருத்துவர் அமீபாவைச் சந்தேகித்தால், குளிரில் வைக்கவே கூடாது. உயிரோடு நெளிவதைப் பார்த்துத்தான் அமீபாவைக் கண்டுபிடிக்கிறார்கள். குளிர் பட்டால் அது அசையாது, கொஞ்ச நேரத்தில் சிதைந்தும் போகும். அரைமணி நேரத்துக்குள் லேப்பில் பார்க்க வேண்டும். அது வீட்டிலிருந்து நடக்கிற காரியமா? நடக்காது. கிளினிக்கிலேயே போய், அங்குள்ள கழிவறையில் எடுத்துக் கையோடு கொடுங்கள். 'காலை பத்துக்குப் பிறகு வாங்கமாட்டோம்' என்று கவுண்டரில் சொன்னால், பாரத்தில் மருத்துவர் 'அமீபா' என்று எழுதியிருப்பதைக் காட்டி, தாதியை அழைக்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனைக்கு மலம் கேட்டிருக்கிறார்கள் என்று இன்றே கிளினிக்குக்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.