டொமைன் ரெக்கோட் போட்டும் கடை கனெக்ட் ஆகேல்லை

கேள்வி: ஷொப்பிஃபைல கடை போட்டன், டொமைன் வேற இடத்தில வாங்கினது. ரெக்கோட் ரெண்டும் போட்டு ஒரு நாள் ஆச்சு, இன்னும் வெரிஃபை ஆகேல்லை. என்ன பிழை?

டொமைன் வாங்கின இடத்தில DNS பக்கத்தைத் திறந்து பாருங்கோ, அங்க இருக்க வேண்டியது இது ரெண்டும்தான்:

```
@     A       23.227.38.65
www   CNAME   shops.myshopify.com
```

அநேகமா உங்களுக்கும் @ எண்டதுக்கு ரெண்டு A ரெக்கோட் கிடக்கும். சுன்னாகத்தில பனங்கட்டி விக்கிற என்ர மச்சாளுக்கும் இதேதான் நடந்தது, டொமைன் வித்த ஆக்கள் தங்கட விளம்பரப் பக்கத்துக்கு முதலே ஒரு A போட்டு வச்சிருந்தவை, அவ அதை அழிக்காம புதுசைச் சேர்த்திட்டா, அதால கடை ஒருக்கா வரும், ஒருக்கா அந்த விளம்பரம் வரும். கொம்பியூட்டரில இப்பிடி அடிச்சுப் பாருங்கோ, உங்கட டொமைன் பேரைப் போட்டு:

```
nslookup example.com
```

முதல்ல Server எண்டதுக்குக் கீழ வாற முகவரியை விடுங்கோ, அதுக்குப் பிறகு உங்கட டொமைன் பேருக்குக் கீழ 23.227.38.65 ஓட வேற முகவரியும் வந்தா, DNS பக்கத்தில அந்தப் பழசை அழியுங்கோ. @ க்கு AAAA இருந்து அதுவும் பழைய இடத்தைக் காட்டினா அதையும் எடுங்கோ. ஆனா MX ரெக்கோட்டில கை வைக்காதேங்கோ, ஈமெயில் நிண்டிடும்.

பிறகு பொறுக்கத்தான் வேணும். பழைய ரெக்கோட்டில TTL 3600 எண்டு இருந்தா அதை வாங்கி வச்ச சேர்வர்கள் ஒரு மணித்தியாலம் வரைக்கும் பழசையே காட்டும், முழுக்க மாற 48 மணித்தியாலம் வரைக்கும் போகலாம். அதுக்கிடையில திருப்பித் திருப்பி மாத்தினா பொறுத்த நேரமும் வீணாப் போயிடும். மச்சாளுக்கு பழசை அழிச்ச அண்டைக்குப் பின்னேரமே வெரிஃபை ஆகிட்டுது, பூட்டு அடையாளம் மட்டும் அடுத்த நாள்தான் வந்தது.